காற்றில் சின்ன ட்ரோன்: லாக்கைப் படித்து வீச்சை அளப்பதும் பறக்கும் நாளுக்கு வரம்பு வைப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ட்ரோன் பெட்டியில் "10.7 மீ/வி வரை காற்றைத் தாங்கும்" என்று போட்டிருக்கிறது. வானிலைச் செயலி 8 மீ/வி காட்டினால் பறக்கலாம்தானே?

கூடாது. செயலி சொல்வது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், அதுவும் சராசரியாக வீசும் காற்று. நீங்கள் பறப்பது 80 மீட்டரில். திறந்த வயல்வெளியில் பகல் நேரத்தில் அந்த உயரத்துக் காற்று ஏறத்தாழ 1.4 மடங்கு இருக்கும். காற்று ஒரே சீராக வீசுவதும் இல்லை. சராசரி 10 என்றால் இடையிடையே 14 வரை எகிறும். இந்த எகிறலைத்தான் வீச்சு என்கிறோம். இந்த இரண்டு 1.4-ஐயும் பெருக்கினால் 8 என்பது 15.7 ஆகிவிடுகிறது. பெட்டியில் இருந்த எண் எப்போதோ தாண்டப்பட்டுவிட்டது.

அந்த 10.7 வந்த வழியையும் தெரிந்துகொள்வது நல்லது. பியூபோர்ட் அளவுகோலில் 5-ஆம் நிலையின் மேல்விளிம்பு அது. 'இந்த நிலை வரை நிற்கும்' என்று நிறுவனம் சொல்கிறது. எதிர்க்காற்றில் வீடு திரும்ப எவ்வளவு வேகம் மிச்சம் இருக்கும் என்பதை அந்த எண் சொல்லாது.

இன்னொன்று: செயலி காட்டும் அலகைப் பாருங்கள். கி.மீ/மணியை 3.6-ஆல் வகுத்தால் மீ/வி. நாட் என்றால் 0.51-ஆல் பெருக்க வேண்டும். 18 என்ற ஒரே எண் ஒரு திரையில் 5 மீ/வி, இன்னொரு திரையில் 9 மீ/வி. வரம்பு தாண்டிப் பறந்த பல கதைகளுக்கு இதுதான் காரணம்.

ஒரே இடத்தில் நிற்கும் ட்ரோனுக்குக் காற்று அடித்தால் உண்மையில் என்ன நடக்கிறது?

நிற்பதுபோல் நமக்குத் தெரிகிறது. 8 மீ/வி காற்றில் ஒரே இடத்தில் நிற்கும் ட்ரோன், காற்றைப் பொறுத்தவரை 8 மீ/வி வேகத்தில் பறந்துகொண்டிருக்கிறது. காற்று தள்ளும் விசைக்கு ஈடுகொடுக்க அது காற்று வரும் பக்கம் சாய்கிறது. விசிறிகளின் மேல்நோக்கிய இழுப்பில் ஒரு பங்கு கிடைமட்டமாகத் திரும்பி, தள்ளும் விசையைச் சமன் செய்கிறது.

கணக்கு எளிது. சாய்வுக் கோணத்தின் tan மதிப்பு, காற்றுத் தள்ளும் விசையை எடையால் வகுத்த மதிப்புக்குச் சமம். ஆகவே சாய்வு தெரிந்தால் விசை தெரியும். விசை தெரிந்தால் காற்று வேகம் தெரியும். காற்றுமானி எதையும் பொருத்தாமலே ட்ரோனை ஒரு காற்றுமானியாக்கலாம் என்பது இதனால்தான்.

அப்படியானால் 10 டிகிரி சாய்ந்தால் எத்தனை மீ/வி? ஏதாவது அட்டவணை இருக்கிறதா?

பொது அட்டவணை கிடையாது. உடல் வடிவம், எடை, விசிறி அளவு, கீழே தொங்கும் கேமரா எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம் அது. உங்கள் ட்ரோனுக்கு நீங்களே ஒருமுறை அளந்துகொள்ள வேண்டும். பேட்டரி அளவையோ கேமராவையோ மாற்றினால் மறுபடியும் அளக்க வேண்டும்.

தரையிலும் மேலேயும் காற்று 2 மீ/வி-க்குக் கீழ் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். 20 முதல் 30 மீட்டர் உயரத்தில், 300 மீட்டர் நேர்க்கோட்டில், ஆட்டோ முறையில் 4, 8, 12, 15 மீ/வி என்று நான்கு வேகங்களில் பறக்க விடுங்கள். ஒவ்வொரு வேகத்திலும் போக ஒன்று, வர ஒன்று. கிளம்பும்போதும் நிற்கும்போதும் உள்ள சாய்வை விட்டுவிட்டு, வேகம் நிலையாக இருந்த நடுப்பகுதியின் சாய்வை மட்டும் எடுங்கள். இரு திசைக்கும் சராசரி போட்டால் மிச்சமிருக்கும் சிறு காற்று பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

எடுத்துக்காட்டாக, சுமார் 1.5 கிலோ நாற்சிறகி ஒன்றுக்கு முறையே 4, 9.5, 17, 23 டிகிரி வந்ததாக வைத்துக்கொள்வோம். இதற்கு இந்தச் சூத்திரம் பொருந்துகிறது; theta சாய்வு, V காற்றைப் பொறுத்த வேகம், மீ/வி-யில்:

```
tan(theta) = 0.0133*V + 0.0010*V^2
```

வேகத்தோடு நேராக வளரும் முதல் உறுப்பு, சுழலும் விசிறிகள் தரும் இழுவை. வர்க்கமாக வளரும் இரண்டாவது, உடலின் இழுவை. பள்ளிக்கூடப் பாடத்தில் வரும் வர்க்க உறுப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போடுபவர்கள் உண்டு. குறைந்த வேகத்தில் அவர்கள் விடை நிஜக் காற்றைவிட மிக அதிகமாக வரும். சின்ன ட்ரோனில் விசிறி இழுவை அவ்வளவு பெரியது.

அளந்தது 15 வரைதான் என்றால், சூத்திரத்தை 15-க்கு மேல் நம்பாதீர்கள்.

காற்றே இல்லாத மண்டபத்துக்குள்கூட, ட்ரோன் தானே எழுதும் பறப்புப் பதிவான லாக்கில் ஒரு டிகிரி சாய்வு காட்டுகிறதே?

மோட்டார் தாங்கி லேசாக முறுக்கியிருக்கலாம், சமநிலை அளவீடு சரியில்லாமல் இருக்கலாம், பேட்டரி முன்பின் தள்ளி வைக்கப்பட்டிருக்கலாம். ஒரு டிகிரி அற்பமாகத் தோன்றும். மேலே உள்ள சூத்திரத்தில் அது ஏறக்குறைய 1.2 மீ/வி காற்று.

இதைக் களத்திலேயே பிரித்தெடுக்கலாம். ஒரே இடத்தில் நிறுத்தி, முகப்பை வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று திருப்பி, ஒவ்வொன்றிலும் 30 விநாடி நிற்க விடுங்கள். காற்றினால் வரும் சாய்வு, உடலைப் பொறுத்தவரை, சுற்றிச் சுற்றித் திசை மாறும். பிழையால் வரும் சாய்வோ உடலோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். நான்கு திசைகளின் `Roll`, `Pitch` மதிப்புகளைத் தனித்தனியே சராசரி போட்டால் காற்று கழிந்து பிழை மட்டும் நிற்கும். அதை எல்லா அளவுகளிலிருந்தும் கழித்துவிடுங்கள்.

லாக்கில் எந்த எண்களை எடுக்க வேண்டும்? ஆர்டுபைலட் மென்பொருளில் ஓடும் ட்ரோன்தான் வைத்திருக்கிறேன்.

`ATT` செய்தியில் `Roll`, `Pitch`, `Yaw`. `XKF1` செய்தியில் `VN`, `VE`. இவ்வளவே போதும். முதலாவது சாய்வு, இரண்டாவது தரை வேகம். சாய்வை வடக்கு, கிழக்குக் கூறுகளாக மாற்றும் பகுதி இது:

```python
from math import radians, sin, cos, atan2, degrees, hypot, sqrt
from pymavlink import mavutil

A, B = 0.0133, 0.0010
ROLL0, PITCH0 = 0.6, -1.1
rows = []
log = mavutil.mavlink_connection("flight.bin")
while (m := log.recv_match(type="ATT")) is not None:
    r, p = radians(m.Roll - ROLL0), radians(m.Pitch - PITCH0)
    y = radians(m.Yaw)
    n = cos(r)*sin(p)*cos(y) + sin(r)*sin(y)
    e = cos(r)*sin(p)*sin(y) - sin(r)*cos(y)
    d = cos(r)*cos(p)
    rows.append((m.TimeUS/1e6, -n/d, -e/d))

def wind(tn, te):
    t = hypot(tn, te)
    v = (-A + sqrt(A*A + 4*B*t)) / (2*B)
    return v, degrees(atan2(te, tn)) % 360
```

`ROLL0`, `PITCH0` இரண்டும் முந்தைய கேள்வியில் கண்டுபிடித்த பிழைகள். `rows`-இல் நேரத்துக்கு அடுத்து வரும் இரண்டு எண்கள்தான் `tn`, `te`. `wind` தரும் திசை, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசை. 270 என்றால் மேல்காற்று. விடை முன்னுக்குப் பின் முரணாக வந்தால் முதலில் திசைகாட்டியைச் சந்தேகியுங்கள். முகப்பைத் திருப்பும்போதெல்லாம் காற்றின் திசையும் கூடவே திரும்பினால் ஒன்று `Yaw` தவறு, இல்லாவிட்டால் மேற்சொன்ன பிழையை இன்னும் கழிக்கவில்லை.

லாக்கில் ஒரு கணம் 19 டிகிரி காட்டியது. அதுதான் பெரிய வீச்சா?

அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வீச்சு வந்து மோதியதும் ட்ரோன் உடனே சாய்வதில்லை. முதலில் கொஞ்சம் தள்ளப்படுகிறது. பிறகு கட்டுப்பாட்டு மென்பொருள் விழித்துக்கொண்டு, இழந்த இடத்தைப் பிடிக்கத் தேவையைவிட அதிகமாகச் சாய்க்கிறது. ஆகவே மோதும் தருணத்தில் சாய்வு காற்றைக் குறைத்துக் காட்டும். மீளும் தருணத்தில் கூட்டிக் காட்டும். அந்த 19 டிகிரியில் ஒரு பங்கு காற்று, ஒரு பங்கு ட்ரோனின் சொந்த ஓட்டம்.

எவ்வளவு பங்கு என்று பாருங்கள். ஒரு விநாடியில் வேகம் 1.2 மீ/வி மாறினால், அதை 9.81-ஆல் வகுக்க 0.12 வருகிறது. tan மதிப்பில் 0.12 என்பது 7 டிகிரி. அலட்சியப்படுத்தக்கூடிய அளவு இல்லை. திருத்தம் இரண்டு படிகள்:

```
tn = tn - (dVN/dt)/9.81
te = te - (dVE/dt)/9.81
wind_from_N = V_N - VN
wind_from_E = V_E - VE
```

முதல் படி முடுக்கத்தைக் கழிக்கிறது. பிறகு `wind` தரும் வேகத்தை வடக்கு, கிழக்காகப் பிரித்து (`V_N`, `V_E`) அதிலிருந்து தரை வேகத்தைக் கழிக்கிறோம். இதைச் செய்தால் நிற்கும்போது மட்டுமின்றி நேர்க்கோட்டில் ஓடும்போதும் காற்றை அளக்கலாம். வேகத்தை வகையிடும் முன் அரை விநாடிக்கு மென்மையாக்குங்கள். இல்லாவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

அதன் பிறகு 3 விநாடி ஓடும் சராசரி. உலக வானிலை அமைப்பின் வழக்கமும் அதுவே: 10 நிமிடச் சராசரி 'காற்று', அதற்குள் மிகப் பெரிய 3 விநாடிச் சராசரி 'வீச்சு'. நமக்கும் அது வசதி. ஒரு விநாடிக்குக் குறைவான குலுக்கல்களைச் சாய்வு முறையால் ஒழுங்காகப் பிடிக்க முடியாது. வானிலை நிலைய எண்ணோடு ஒப்பிடவும் இதே அளவுதான் பொருந்தும்.

ஒரு முழுக் கணக்கைக் காட்ட முடியுமா?

ஆனி மாதம், உடுமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பை அளக்கப் போவதாக வைத்துக்கொள்வோம். வேலையைத் தொடங்குமுன் 80 மீட்டரில் லாயிட்டர் முறையில் நிறுத்திவைத்துப் பதிவு எடுக்கிறோம். 10 நிமிடம் கிடைத்தால் நல்லது. பேட்டரி இடம் தராவிட்டால் 4 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. குறைந்த நேரம் பார்த்தால் பெரிய வீச்சு நம் கண்ணில் படாமலே போகும்.

திருத்தங்களுக்குப் பின் சராசரி tan மதிப்பு 0.15, மிகப் பெரிய 3 விநாடி மதிப்பு 0.235 என்று வருகிறது. சூத்திரத்தில் போட்டால் சராசரி 7.3 மீ/வி, வீச்சு 10.1 மீ/வி, விகிதம் 1.38. திசை 250 டிகிரி, அதாவது மேற்கு-தென்மேற்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் பருவக்காற்றுக்கு ஏற்ற திசைதான், எனவே திசைகாட்டியும் சரி.

இங்கே கவனிக்க வேண்டியது, 0.235 என்பது வெறும் 13 டிகிரி சாய்வு. சாய்வு வரம்பு 30 டிகிரி இருக்கும்போது 13 சாதுவாகத் தெரியும். ஆனால் அடுத்த கேள்வியில் வரும் வரம்பை அது தொட்டுவிட்டது. சாய்வும் காற்றும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. சாய்வு எண்ணை மட்டும் பார்த்து 'இன்னும் பாதிக்கு மேல் மிச்சம்' என்று நினைப்பது தப்புக் கணக்கு.

சரி, வரம்பை எப்படி நிர்ணயிப்பது?

வீடு திரும்பும் வேகத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். மேலே நம் ட்ரோன் 15 மீ/வி வரை அளந்து பார்க்கப்பட்டது, 23 டிகிரியில். சாய்வு வரம்பான `ANGLE_MAX` 30 டிகிரி. மீதி 7 டிகிரியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வீச்சைச் சமாளிக்க அது கையிருப்பு. எந்த வீச்சிலும் குறைந்தது 5 மீ/வி வேகத்தில் வீடு நோக்கி நகர வேண்டும் என்று முடிவு செய்தால், பறக்கும் உயரத்தில் வீச்சு 10 மீ/வி-க்கு மேல் போகக் கூடாது. இதுவே முதன்மை வரம்பு. மற்றதெல்லாம் இதிலிருந்து வருபவை.

10-ஐ வீச்சு விகிதம் 1.4-ஆல் வகுத்தால் அதே உயரத்தில் சராசரி 7. அதை உயரத்துக்கான 1.4-ஆல் வகுத்தால் 10 மீட்டர் உயரத்தில் 5 மீ/வி, அதாவது செயலியில் 18 கி.மீ/மணி. முந்தின இரவே போகலாமா வேண்டாமா என்று பார்க்க இந்த 18 உதவும். களத்தில் முடிவு சொல்ல வேண்டியது லாக்கில் அளந்த 10. இரண்டும் முரண்பட்டால் லாக்கை நம்புங்கள்.

உங்கள் ஊர் விகிதம் 1.4 ஆகவே இருக்கும் என்பதில்லை. மரங்களும் கட்டடங்களும் காற்று வரும் பக்கம் இருந்தால் விகிதம் ஏறும். வெயில் கொளுத்தும் மதியத்தில் வெப்பக்காற்று எழும் இடங்களில் வீச்சு சராசரியைப்போல் இரு மடங்கும் ஆகும். பத்துப் பதினைந்து பறப்புகளின் லாக் சேர்ந்ததும் உங்கள் இடத்துக்கான விகிதத்தை நேரவாரியாகப் போட்டு, அவற்றில் மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விடிகாலையில் இலைகூட அசையவில்லை. மேலே போனதும் ட்ரோன் தள்ளாடுகிறது. ஏன்?

இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று கனத்துப் படிந்துவிடுகிறது. மேலே ஓடும் காற்றுக்கும் அதற்கும் தொடர்பு அறுந்துபோகிறது. தரையில் அமைதி, 100 மீட்டரில் காற்று வழுக்கிக்கொண்டு வேகமாக ஓடும். அந்த நேரத்தில் 1.4 மடங்குக் கணக்கு செல்லாது, மூன்று மடங்கும் இருக்கலாம். வெயில் ஏறியதும் இரண்டும் கலக்கின்றன. தரையில் காற்று எழும்பும், மேலே சற்றுத் தணியும்.

பாலக்காடு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம் கணவாய்களின் வாயில் உள்ள ஊர்களில் மே முதல் செப்டம்பர் வரை இந்த ஏமாற்றம் அதிகம். காற்றாலைகள் அங்கே நிற்பது சும்மா இல்லை. அவற்றின் இறக்கைகள் சுழல்வதைப் பார்ப்பது கொடி பார்ப்பதைவிட நல்ல அடையாளம். அவை இருப்பதும் நம் உயரத்தில்தான். அமைதியான விடியலில் ட்ரோனை 20, 50, 80 மீட்டரில் ஒவ்வொரு நிமிடம் நிறுத்தி ஏற்றுங்கள். சாய்வு படிப்படியாகக் கூடுவது லாக்கில் அப்படியே தெரியும்.

போகும்போது நன்றாகப் போனது, திரும்பும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது. தானாக வீடு திரும்ப வைக்கும் ஆர்டிஎல் போட்டும் பயனில்லை.

காற்றோடு போயிருக்கிறீர்கள். மேல் உதாரணத்தில் சராசரி 7 மீ/வி காற்றின் போக்கில் தரை வேகம் 8 மீ/வி என்றால் காற்றைப் பொறுத்து வேகம் வெறும் 1. ட்ரோன் கிட்டத்தட்டச் சாயவே இல்லை. திரும்பும்போது அதே 8-க்கு 15 மீ/வி தேவை, 23 டிகிரி. 800 மீட்டருக்கு 100 விநாடி. வீச்சு தொடர்ந்து 10-ஐ ஒட்டி நின்று வேகம் 5-க்கு இறங்கினால் 160 விநாடி. போனபோது ஆன பேட்டரிச் செலவைப் பார்த்து 'வர அவ்வளவே போதும்' என்று கணக்குப் போட்டவர்களின் ட்ரோன் வயலில் கிடக்கும்.

முதல் பாதையைக் காற்றுக்கு எதிராக அமைத்தால் கஷ்டமான பாதி முதலிலேயே முடிந்துவிடும். ஆர்டிஎல் பற்றி ஒன்று: `RTL_ALT` என்பது குறைந்தபட்ச உயரம்தான். அதில் 15 மீட்டர் என்று வைத்திருந்தாலும், 80 மீட்டரில் இருக்கும் ட்ரோன் 15 மீட்டருக்கு இறங்காது. காற்று பலமாக உள்ள அதே 80 மீட்டரிலேயே வரும். முன்னேற்றம் இல்லை என்று தெரிந்தால் லாயிட்டருக்கு மாற்றி, மரங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் மேலான உயரம்வரை இறக்கி, அங்கிருந்து கையால் ஓட்டி வாருங்கள்.

XKF2 செய்தியில் VWN, VWE என்று காற்று இருக்கிறதே, அதையே எடுத்தால் என்ன?

மல்டிகாப்டரில் `EK3_DRAG_BCOEF_X`, `EK3_DRAG_BCOEF_Y`, `EK3_DRAG_MCOEF` என்ற மூன்று இழுவை எண்களையும் உங்கள் ட்ரோனுக்கு அளந்து கொடுத்திருந்தால் எடுக்கலாம். கொடுக்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. கொடுத்தாலும் அது மெதுவாக நகரும் மதிப்பு. சராசரிக்கு நல்லது, வீச்சுக்குப் போதாது.

ஊட்டியில் பறக்க அதே சூத்திரம் போதுமா?

போதாது. 2,240 மீட்டரில் காற்றடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 20% குறைவு. அதே காற்றுக்குச் சாய்வு குறையும், அதனால் சமவெளியில் அளந்த சூத்திரம் மலைக்காற்றைக் குறைத்துச் சொல்லும். எடையைத் தாங்கவே விசிறி 10% அளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதால் கையிருப்பும் சுருங்கும். அங்கேயே அளந்துகொள்ளுங்கள்.

வரம்புக்குள் பறந்தோமா என்று பறப்புக்குப் பிறகு எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்ட சாய்வைக் காட்டும் `ATT.DesRoll`, `ATT.DesPitch` கோடுகள் `ANGLE_MAX` மதிப்பில் தட்டையாக ஒட்டிக்கொண்டு நின்றால் ட்ரோன் இன்னும் சாய விரும்பியது, அனுமதி கிடைக்கவில்லை. கேட்ட சாய்வும் கிடைத்த சாய்வும் 5 டிகிரிக்கு மேல் விலகி அரை விநாடி நீடித்தால் மோட்டாரில் பலம் போதவில்லை. அப்போது மோட்டார்களுக்குப் போன கட்டளையைப் பதியும் `RCOU`-வில் எந்த மோட்டார் உச்சத்தில் இருந்தது என்று பாருங்கள். ஒரே மோட்டார் திரும்பத் திரும்ப உச்சத்தைத் தொட்டால் குற்றம் காற்றில் இல்லை, அந்த மோட்டாரிலோ விசிறியிலோ எடைச் சமநிலையிலோ இருக்கிறது. வீச்சுக்கு ஏற்ப வெவ்வேறு மோட்டார்கள் மாறிமாறித் தொட்டால் அது காற்று.

திரையில் `Potential Thrust Loss` என்ற எச்சரிக்கை வந்த பறப்பை, அது பத்திரமாக இறங்கியிருந்தாலும், வரம்பு மீறியதாகவே குறித்துவையுங்கள். பேட்டரி பாதிக்குக் கீழ் போனபின் இது வருவது வழக்கம், மின்னழுத்தம் இறங்கினால் மோட்டாரின் உச்சமும் இறங்குகிறது. காலையில் முழுப் பேட்டரியோடு தாங்கிய அதே 10 மீ/வி வீச்சு, 14-ஆம் நிமிடத்தில் தாங்காமல் போகலாம். காற்று வரம்பை ஒட்டியிருக்கும் நாளில், பேட்டரி 40% ஆனதும் இறக்கிவிடுங்கள்.